முன்வாசலைப் பற்றி ஒரு வரி

திருப்பதியில் ஒரு ஆர்க்கிடெக்ட் மேடத்திடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் நிலைத்து இருந்த வேலைகளில் அதுதான் நீண்டது. அதற்கு முன் சூளூர்பேட்டையில் இறால் வண்டியோடு போய்வந்தேன், பெங்களூரில் வாட்ச்மேனாக இருந்தேன், வேலூரில் ஓட்டலில் இருந்தேன், திருப்பதியில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தேன். லாட்ஜ் கைமாறி எங்களை அனுப்பிவிட்டபோது சில வாரம் ரேணிகுண்டா ஸ்டேஷனில் படுத்துக்கொண்டேன். அங்கே கொசு அதிகம், குடிநீர் பிரச்சினை இல்லை. லாட்ஜின் மாடியைத் திருத்தக் கொடுத்தபோது மேடம் வந்துபோனவர். என்னை ஞாபகம் வைத்திருந்து கூப்பிட்டார். வயதில் என்னைவிடச் சின்னவர். என்னை அண்ணா என்பார், நான் மேடம் என்பேன்.

ஒன்பதாவது பாதியில் பள்ளியை விட்டவன் நான். ஆனால் தமிழ் எழுத வரும். மண்டல ஆபீஸ் வாசலில் ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேடம் சித்தூரில் பிறந்து தெலுங்கு மீடியத்தில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், நாலு வரி எழுதச் சொன்னால் தடுமாறுவார். அதனால்தான் அவருடைய இணையதளத்துக்கு அறிமுகப் பக்கம் எழுதும் வேலை டிரைவரான என் தலையில் விழுந்தது.

அந்த வருடம் ஆபீஸில் வேலை குறைந்துபோயிருந்தது. வரைபவர்கள் இருவரும் வேறு இடம் போய்விட்டார்கள். வீடு கட்டுகிறவர்கள் பிளான் அப்ரூவலுக்கு ஒரு லைசென்ஸ் சர்வேயரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மீதியை மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறார்கள். மேடத்தைத் தேடி வருகிறவர்களிலும் பாதிப் பேர் அவரைக் காண்டிராக்டர் என்று நினைத்தே வந்தார்கள். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. சித்தூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபை கட்ட நினைத்த சமூகக் கூடம் கிடைத்தால் இங்கேயே இருப்பது, இல்லையென்றால் ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போவது என்று முடிவு செய்திருந்தார். அதை என்னிடம் சொன்னபோது கார் சந்திரகிரி தாண்டிக்கொண்டிருந்தது. "நீங்க வேற எடம் பாத்துக்கணும்ணா" என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எனக்கு அது பழக்கம். அவருக்கு அப்படியில்லை. ஆபீஸ் வாசலில் ஒரு பலகையைத் தன் பெயரில் மாட்டுவதற்கு அவர் வீட்டில் என்னென்ன சண்டை நடந்தது என்று எனக்குத் தெரியும்.

சபையின் கட்டடக் கமிட்டியில் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் இருந்தார். ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். முதல் சந்திப்புக்குப் பிறகு அவர் போன் செய்தார். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்மா, உன் வெப்சைட்ட பாத்தேன். தமிழ்னு ஒரு பட்டன் இருக்குதே, அத அமுக்கினேன். 'வெளிகளின் உரையாடல்'னு போட்டிருக்கு. எந்த வெளி, யாருகிட்ட பேசுது?"

மேடம் நெற்றியைத் தடவிக்கொண்டார். "அது இங்கிலீஷ்ல எழுதினது சிஸ்டர். மெஷின் தமிழ் பண்ணிடுச்சு."

"எங்க கமிட்டில இங்கிலீஷ் படிக்கறவங்க கம்மி. நீ இன்னா பண்ணுவ, இதுவரைக்கும் இன்னா கட்டியிருக்க, அத மட்டும் புரியற மாதிரி போடு. போட்டதுல ஒண்ண நேர்ல போய்ப் பாப்போம். அப்பால கூடி முடிவு பண்ணுவோம்."

எங்கள் பக்கத்தில் வழக்கம் அதுதான். போட்டோவை நம்பி யாரும் வேலை கொடுப்பதில்லை. ஏற்கெனவே கட்டிய வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காரர் கொடுக்கும் காபியைக் குடித்து, ஒழுகுகிறதா என்று கேட்டு, பாத்ரூமில் தண்ணீர் தேங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேச வருவார்கள்.

இணையதளம் செய்தவர் திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, ஓட்டல் மெனு, இணையதளம் எல்லாம் அங்கே நடக்கும். "போட்டோ இருக்குண்ணா, எழுதறதுக்கு மேட்டர் லேது" என்றார். அவர் தன் பங்குக்கு 'ராயலசீமாவின் நம்பர் ஒன் ஆர்க்கிடெக்ட்' என்று மேலே பெரிய எழுத்தில் போட்டு வைத்திருந்தார். மேடம் அதை எடுக்கச் சொன்னார். ஆர்க்கிடெக்ட்டுகள் தங்களை விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று அவர்களுடைய கவுன்சிலில் விதி இருக்கிறதாம். நாங்கள் யார், என்ன செய்திருக்கிறோம் என்ற விவரம் சொல்லலாம், நானே பெரியவன் என்று சொல்லக் கூடாது. "அட்லா அயிதே எவர் வருவாங்க மேடம்?" என்று, நம்பர் ஒன் போடாவிட்டால் ஆள் வராது என்பதுபோல் அவர் வருத்தப்பட்டார்.

நான் எழுதியது பெரும்பாலும் காரில்தான். மேடம் முன்சீட்டில் இருப்பார், நான் கேட்பேன், அவர் சொல்வார், வண்டியை நிறுத்தும் இடத்தில் போனில் தட்டிக்கொள்வேன்.

"மொத நாள் ஒரு வீட்டுக்குப் போனா இன்னா கேப்பீங்க மேடம்?"

"உங்களுக்குத் தெரியாதா? கூடத்தான வந்துகினு இருக்கீங்க."

"எனக்குத் தெரியும். பக்கத்தப் படிக்கறவங்களுக்குத் தெரியாதே."

அவருக்கு எரிச்சல் வந்தது. அன்று காலையிலிருந்து ஒரு லாட்ஜ்காரர் அவரைக் காக்க வைத்திருந்தார். ஆனாலும் சொன்னார். வீட்டில் முதலில் எழுந்திருப்பவர் யார், அவர் அடுப்படிக்குப் போக யார் யாரைத் தாண்ட வேண்டும். சித்திரை மத்தியானத்தில் எல்லோரும் எந்த இடத்தில் போய் விழுகிறார்கள். பாத்திரம் எங்கே தேய்க்கிறார்கள், உட்கார்ந்தா நின்றா. செருப்பு எங்கே கிடக்கிறது. வண்டி எங்கே நிற்கும். இவற்றைக் கேட்டுவிட்டு, சும்மா உட்கார்ந்து அவர்கள் புழங்குவதைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மனையின் திசை, காற்று வரும் பக்கம், பக்கத்து வீட்டுச் சுவர், முனிசிபாலிட்டி விடச் சொல்லும் இடைவெளி. ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று விதமாக வரைந்து காட்டுவார். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் சுமாரான செலவு. பிறகு அப்ரூவலுக்கு ஒரு வரைபடம், மேஸ்திரிக்கு விவரமான வரைபடங்கள். வேலை நடக்கும்போது போய்ப் பார்ப்பது.

இதையெல்லாம் அப்படியே எழுதினேன். முதல் பாரா இப்படி வந்தது:

'நாங்கள் கட்டடம் கட்டித் தருபவர்கள் அல்ல. உங்கள் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று உங்களோடு உட்கார்ந்து யோசித்து, வரைந்து கொடுத்து, காண்டிராக்டர் அதன்படி கட்டுகிறாரா என்று வந்து பார்ப்பவர்கள். சிமெண்டும் கம்பியும் நாங்கள் விற்பதில்லை. எந்தக் கடையில் வாங்கினாலும் எங்களுக்கு ஒன்றுதான்.'

அவர் படித்துவிட்டு, "இது போதும். காலேஜ்ல அஞ்சு வருஷம் இத சொல்லித் தரல" என்றார்.

முடித்த கட்டடங்களின் பகுதி தகராறாக இருந்தது. எங்கள் ஊரில் எது முடிந்த கட்டடம்? கீழ்த்தளம் பூசியதும் கிரகப்பிரவேசம் செய்துவிடுவார்கள். மேலே அடுத்த மாடிக்கு என்று கம்பிகள் நீட்டிக்கொண்டு துருப்பிடித்து நிற்கும். மேடம் யோசித்து, குடியேறி, புழங்கி, அவர் வரைந்த பகுதி முழுதாக முடிந்தவற்றை மட்டும் போடச் சொன்னார். வீடுகள், லாட்ஜுகள், இரண்டு சின்ன மருத்துவமனைகள், சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் ஆபீஸும் அங்கே வேலை செய்பவர்கள் சாப்பிடும் கூடமும். நகரியில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் தூண்களோடு நின்றுவிட்டது. இணையக்காரர் அதையும் வரைபடத்தை வைத்துச் சேர்த்திருந்தார். சபைக்காரர்கள் கேட்பது கூடம்தான், மண்டபம் ஒன்று பட்டியலில் இருந்தால் நல்லது என்று எனக்கும் தோன்றியது. மேடம் அதை எடுத்துவிட்டார். "போய்ப் பாத்தா தூண்ல மாடு கட்டியிருப்பாங்கண்ணா."

கடைசியாக அந்தக் கேள்விக்கு வந்தோம். மேடம் எல்லா வீட்டிலும், பேச்சு முடிந்து எழுந்திருக்கும் சமயம் பார்த்து, குரலை இறக்கி ஒன்று கேட்பார். வீட்டில் ஒரு சாவு நடந்தால் எங்கே கிடத்துவீர்கள், ஐஸ் பாக்ஸ் எந்த வழியாக வரும். சிலர் முகம் சுருங்கும். ஒருமுறை சத்தியவேடு பக்கம் ஒரு அம்மா தட்டில் வைத்திருந்த வெற்றிலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை. இருந்தாலும் கேட்பதை அவர் விடவில்லை. ஐஸ் பாக்ஸ் ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும். முன்வாசலைத் தாண்டியதும் ஒரு குறுக்குச் சுவர் வைத்துவிட்டால் திரும்பாது. மாடி வீட்டில் படிக்கட்டு குறுகலாக இருந்தால் இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும். வாஸ்துக்கும் அழகுக்கும் வாசலை நகர்த்துகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. ஐஸ் பாக்ஸ் திரும்புகிற வீட்டில் கட்டிலும் பீரோவும் ஸ்ட்ரெச்சரும் திரும்பும்.

"இதயும் எழுதவா மேடம்?"

வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர் கொஞ்ச தூரம் போனபின் சொன்னார். "எழுதுங்க. நான் எப்படி வேல செய்யறேன்னு கேட்டா அதுதான். மீதி எல்லாரும் சொல்றது."

எழுதினேன்: 'உங்கள் வீட்டில் ஒருவர் இறந்தால் எங்கே கிடத்துவீர்கள், ஐஸ் பாக்ஸ் எப்படி உள்ளே வந்து எப்படித் திரும்பி வெளியே போகும் என்றும் கேட்போம். இந்தக் கேள்வி யாருக்கும் பிடிக்காது. கேட்காமல் கட்டிய வீடுகளில் அந்த நாளில் ஜன்னலைப் பெயர்த்ததைப் பார்த்திருக்கிறோம்.'

இணையக்காரரின் கம்ப்யூட்டரில் பக்கத்தைப் பார்த்தோம். இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் போட்டோக்கள். நன்றாக இருந்தது. மேடம் சரி என்றார். பக்கம் ஏறியது. சிஸ்டர் படித்துவிட்டு, சனிக்கிழமை புத்தூரில் இருக்கும் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார். பக்கத்தில் பெரிதாக இருந்த போட்டோ அந்த வீட்டுடையதுதான்.

வியாழக்கிழமை காலை புத்தூரிலிருந்து போன் வந்தது. அந்த வீட்டு மருமகள்.

"ஏன் மேடம், எங்க மாமனார் உக்காந்துகினு இருக்கற போட்டோவுக்கு மேல ஐஸ் பாக்ஸுன்னு எழுதியிருக்கீங்களே. இது நல்லாருக்கா உங்களுக்கு?"

மேடம் தன் போனில் பக்கத்தைத் திறந்தார். அதுவரை அவர் அதைப் போனில் பார்த்திருக்கவில்லை. கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது போனின் சின்னத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளுமாம். சாவைப் பற்றிய பாரா முடிந்ததும் நேராக அந்தப் போட்டோ வந்தது. முன்கூடம், அகலமான வாசல், வாசல் வெளிச்சத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் வேட்டியோடு அந்தப் பெரியவர், உயிரோடு, லேசாகச் சிரித்துக்கொண்டு.

திருத்தணியில் கட்டிக்கொடுத்த நாத்தனார் அதைப் பார்த்துவிட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். கீழே ஒரே வரி: 'நைனாவுக்கு இப்பவே எடம் பாத்துட்டாங்க.' பாத்துட்டாங்க என்பது மருமகளை.

மேடம் இணையக்காரருக்குப் போன் செய்து போட்டோவை எடுக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வண்டியை எடுத்தேன். புத்தூர் வழியில் வடமாலப்பேட்டை டோல்கேட்டில் நின்றோம். பிறகு, "சனிக்கிழமைக்கு வேற வீடு எது காட்டறது?" என்று கேட்டார். எனக்குத் தோன்றிய இரண்டைச் சொன்னேன். ஒன்றில் வாடகைக்கு இருப்பவர்கள் முன்கூடத்தைத் துணிக்கடையாக மாற்றியிருந்தார்கள். இன்னொன்றில் வீட்டுக்காரர்கள் அமெரிக்கா போய்ப் பூட்டிக் கிடந்தது. "அப்ப இதுதான்" என்றார்.

புத்தூர் வீட்டில் பெரியவர் அதே வாசலோரம் அதே நாற்காலியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாம்மா, இன்னா இந்தப் பக்கம்?" என்றார். சும்மா வந்தோம் என்றார் மேடம். மருமகள் உள்ளே கூப்பிட்டு, சமையலறையைத் தாண்டிப் பின்னால் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே பேசினால் முன்னால் கேட்காது. மகன் கதவோரம் நின்றான்.

"போட்டோ போட்டுக்கங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றான்.

"நீ சொல்லுவ. உங்கக்கா திட்டறது என்னத்தான. வேல செய்யறதும் நானு, அவுரு சாவணும்னு காத்துகினு இருக்கறவளும் நானா?" என்றவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "போட்டோவ எடுத்துட்டீங்க, பாத்தேன். ஆனா சொல்லு போச்சே. அவங்ககிட்ட நீங்க சொல்லுங்க, நான் சொல்லி எழுதல்லன்னு."

அவரே நாத்தனார் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, துவைக்கும் கல்லின்மேல் வைத்தார்.

மேடம் தான் யாரென்று சொன்னார். அந்தப் பக்கம் பேருந்து ஹாரன் கேட்டது.

"அக்கா, அந்தக் கேள்வி எல்லா வீட்டுலயும் நான் கேக்கறது. உங்க தம்பி பொண்டாட்டி அத வாயத் தொறந்து சொல்லவே இல்ல. அன்னிக்கு பதில் சொன்னது உங்க நைனா."

"நைனாவா? இன்னா சொன்னாரு?"

"பழைய வீட்டுல வாசல் தாண்டினதும் செவுரு, உங்க அம்மாவ உள்ள வெக்க முடியாம தெருவுல பந்தல் போட்டு வெச்சோம், மழை வந்துச்சுன்னாரு. அதுக்குத்தான் இந்த வாசல்."

நாத்தனார் வேறு குரலில் சொன்னார். "பந்தல் ஒழுவுச்சு. நானும் சின்னம்மாவும் கொட புடிச்சிகினு நின்னோம். காலெல்லாம் சேறு."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டு கல்லில் இருந்த சோப்புத் துணுக்கை நகத்தால் சுரண்டினார்.

"வாசல் அதுக்குன்னு எனக்கு யாரும் சொல்லல்லியே" என்றார் நாத்தனார். "சரி. குரூப்ல நான் போட்டத எடுத்துடறேன். போட்டோ மட்டும் திரும்பப் போட வேணாம். பாத்தா திக்குன்னுது."

போன் அணைந்ததும் மேடம் சனிக்கிழமை விஷயத்தைத் தயங்கித் தயங்கி எடுத்தார். யார் வருகிறார்கள், அவர்கள் இதைப் பார்த்து என்ன முடிவு செய்யப் போகிறார்கள் என்று மறைக்காமல் சொன்னார். வேண்டாம் என்றால் வேண்டாம்.

மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வரட்டும். வீட்டுக்கு வர்றவங்கள வேணாம்னா சொல்லுவேன்? காபி குடுக்கறேன். ஆனா நைனா முன்னாடி அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

சனிக்கிழமை கார்வேட்டிநகரம் வழியாகச் சபைக்காரர்களின் வேன் வந்தது. போதகர், கணக்குப் பார்க்கும் ட்ரெஷரர், சிஸ்டர். வழியிலேயே வேனை நிறுத்தி நான் நிபந்தனையைச் சொன்னேன். "அத நீ சொல்லணுமா தம்பி? வார்டுல இருந்தவ நானு" என்றார் சிஸ்டர்.

பெரியவர் அவர்களை வரிசையாகப் பார்த்தார். வெள்ளை அங்கி இல்லாவிட்டாலும் போதகருக்கு ஒரு களை உண்டு.

"எந்த ஊரு நீங்க?"

"சித்தூருங்க ஐயா."

"எதுக்கு வந்தீங்க?"

"வீடு பாக்கலாம்னு."

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "விக்கறானா? என்னக் கேக்காம விக்கறானா?"

மகன் ஓடிவந்தான். "இல்ல நைனா, விக்கல்ல. இவங்க கட்டறாங்க, மாதிரி பாக்க வந்திருக்காங்க."

"மாதிரியா? ஓட்டு கேக்கறதுக்கு வர்ற மாதிரி மூணு பேரு வந்து நிக்கறீங்க." அவர் சமாதானமாக வெகுநேரம் ஆனது. ட்ரெஷரர் மாடிப்படியைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், பாத்ரூமில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். போதகர் மின்விசிறி போடாமலே காற்று வருகிறதே என்றார். சிஸ்டர் காபி டம்ளரோடு வாசலிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து வாசலுக்கும் சும்மா நடந்தார். ஓரிடத்தில் மெதுவாகத் திரும்பினார். மருமகள் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். புறப்படும்போது சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா வெச்சிருக்கம்மா வீட்ட" என்றார்.

அடுத்த நாள் ஆராதனை முடிந்து வரச் சொல்லியிருந்தார்கள். சித்தூருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் கோவிலைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த சின்ன அறையில் கமிட்டி உட்கார்ந்தது. நானும் உள்ளே இருக்கலாம் என்றார்கள். பக்கத்தை எழுதியவன் என்று மேடம் சொல்லிவிட்டிருந்தார். அது எனக்குச் சங்கடமாக இருந்தது. கதவோரம் நின்றுகொண்டேன்.

போதகர் சுற்றி வளைக்கவில்லை. "எல்லாருக்கும் புடிச்சிருக்கு. உங்களுக்குக் குடுக்கலாம்னு இருக்கோம். ட்ரெஷரருக்கு ஒண்ணு மட்டும் சொல்லணுமாம்."

ட்ரெஷரர் தொண்டையைச் செருமினார். "ஹால நாங்க வாடகைக்கு விடுவோம் மேடம். எல்லா சனமும் எடுக்கணும். கல்யாணம், சீமந்தம், ரிசப்ஷன். இப்பல்லாம் போன்ல பாத்துட்டுத்தான் வர்றாங்க. ஹால் பேரத் தேடினா ஆர்க்கிடெக்ட் யாருன்னு உங்க பக்கமும் வரும். தொறந்தா ஐஸ் பாக்ஸ்னு இருக்கும். அப்பால யாரு எடுப்பாங்க?"

"அது வீடுங்களப் பத்தி எழுதினது" என்றார் மேடம்.

"படிக்கறவங்களுக்கு வீடு ஹால் எல்லாம் ஒண்ணுதான். அந்த வரி வேணாம்."

"அது எழுதினதுனாலதான நீங்க புத்தூருக்கே வந்தீங்க?"

"நாங்க வந்தோம். நாங்க வாடகைக்கு எடுக்கப் போறதில்லியே."

சிஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போதகர், "வரிதானம்மா. வேலையில ஒரு மாத்தமும் வேணாம்" என்றார் மெல்ல.

மேடம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிடச் சின்ன விஷயத்துக்கு அவர் வேலையை விட்டு எழுந்துவந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு லாட்ஜில் வெளிச்சத்துக்கு விட்ட திறப்பை மூடி அறையாக்கச் சொன்னபோது வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு ஆபீஸில் ஆட்கள் இருந்தார்கள், கையில் வேறு வேலையும் இருந்தது. இன்றைக்கு அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காலையில் சாப்பிடாமல் கிளம்பியிருந்தார்.

"வேற எப்படி எழுதலாம்ணா?" என்று என்னைக் கேட்டார்.

நான் யோசிப்பதற்குள் ட்ரெஷரர் சொன்னார். "'நல்லது கெட்டது எல்லாத்துக்கும் இடம் வைத்து வரைவோம்'னு போடுங்க. புரியறவங்களுக்குப் புரியும்."

அது எல்லோரும் சொல்வது. மேஸ்திரிகள் தங்கள் கார்டில் அடிப்பது. மேடம் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். "சரிங்க. அப்படியே போட்டுடுவோம்" என்றார். அவர் குரலில் கோபமும் இல்லை, நிம்மதியும் இல்லை. போதகர் ஜெபம் செய்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

வெளியே வந்து இணையக்காரருக்குப் போன் செய்து வரியைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்று முணுமுணுத்தாலும், நாங்கள் லைனில் இருக்கும்போதே மாற்றிவிட்டார். "அயிப்போயிந்தி அண்ணா. ரெஃப்ரெஷ் கொட்டுங்க." ட்ரெஷரர் தன் போனில் பார்த்துத் தலையை ஆட்டினார். மேடம் பார்க்கவில்லை. காருக்குப் போய் முன்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பைபிளைக் கைப்பையில் திணித்துக்கொண்டே சிஸ்டர் என்னிடம் வந்தார். போனை நீட்டினார். "எனக்கு இன்னும் ஐஸ் பாக்ஸே இருக்குதே?"

வாங்கிப் பார்த்தேன். பழைய பக்கம் அவர் போனிலேயே தங்கியிருந்தது. சில போன்களில் அப்படி ஆகும். "புதுசா எடுத்தா மாறிடும் சிஸ்டர். இருங்க, நான் பண்ணித் தரேன்."

அவர் என் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டார்.

"வேணாம், இது இருக்கட்டும்" என்றார். கேட் பக்கம் நடந்துகொண்டே, "அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் துன்ன வாங்கிக் குடு, மூஞ்சே சரியில்ல" என்றார்.

பஸ் ஸ்டாண்ட் எதிரே வண்டியை நிறுத்தி இட்லி கட்டிக்கொண்டு வந்தேன். மேடம் அதை மடியில் வைத்துக்கொண்டு, பிரிக்காமலே, மனையை அளக்க எந்த நாள் வரலாம் என்று போதகருக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார்.